பார்சல் எந்தத் தேதியில் வந்து சேரும்: மூன்று நாட்காட்டிகளை வைத்துக் கணக்கிடும் முறை

இணையத்தில் பொருள் விற்கத் தொடங்கியவரிடம் வாடிக்கையாளர் முதலில் கேட்பது, பார்சல் எப்போது கைக்கு வரும் என்பதுதான். பெரும்பாலோர் ஆர்டர் வந்த தேதியுடன் கூரியர் நிறுவனம் சொன்ன நாட்களைக் கூட்டி, நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு நாளைச் சேர்த்து, ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார்கள். வாரத்தின் தொடக்கத்தில் காலை நேரத்தில் வந்த ஆர்டருக்கு அந்தக் கணக்கு பலிக்கவும் செய்யும். வியாழன் மாலையில் வந்த ஆர்டரிலும், நடுவில் விடுமுறை விழுந்த வாரத்திலும்தான் அது இரண்டு மூன்று நாட்கள் பிசகிவிடுகிறது. சிறிய இணையக் கடை ஒன்றின் அனுப்புகைப் பிரிவில் இந்தத் தேதிகளைச் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், அந்தப் பிசகு எங்கே நுழைகிறது, அதை எப்படி அடைப்பது என்பதை ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

முதலில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பார்சல் மூன்று கைகள் மாறிச் செல்கிறது. கடை அதை எடுத்துக் கட்டுகிறது; கூரியர் அதைச் சுமந்து செல்கிறது; சேரும் ஊரில் உள்ள விநியோகப் பிரிவு அதை வீட்டில் கொடுக்கிறது. இந்த மூவருக்கும் வேலை நாட்கள் ஒன்றாக இருப்பதில்லை. கடை திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் இயங்கலாம், கூரியர் வண்டி சனிக்கிழமையும் வரலாம், சேரும் ஊரில் புதன்கிழமை உள்ளூர் விடுமுறையாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குரிய நாட்காட்டியில் தனித்தனியாக எண்ண வேண்டும். எல்லா நாட்களையும் கூட்டி ஒரே நாட்காட்டியில் ஓட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் வேர்.

எடுத்துக்காட்டுக்கான ஆர்டர்

2026 அக்டோபர் 8, வியாழக்கிழமை, பிற்பகல் 3:40 மணிக்கு ஓர் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடை திங்கள் முதல் வெள்ளி வரை இயங்குகிறது. அதன் கட்-ஆஃப் நேரம் பிற்பகல் 2:00 மணி. ஆர்டரை எடுத்து, சரிபார்த்து, கட்டி முடிக்க 1 முதல் 2 வேலை நாட்கள் ஆகும் என்று கடை சொல்கிறது. இவற்றை ஆயத்த நாட்கள் என்று அழைப்போம். கூரியர் வண்டி திங்கள் முதல் சனி வரை, தினமும் மாலை 5:00 மணிக்கு வந்து பார்சல்களை எடுத்துச் செல்கிறது. பயணத்துக்கு 2 முதல் 3 வேலை நாட்கள். கூரியரின் கணக்கில் ஞாயிறு மட்டும் வேலை நாள் இல்லை. சேரும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை டெலிவரி கிடையாது. அக்டோபர் 14, புதன்கிழமை, அங்கே உள்ளூர் விடுமுறை.

இப்போது வழக்கமான அவசரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயத்தமும் பயணமும் சேர்ந்து 3 முதல் 5 நாட்கள். எட்டாம் தேதியுடன் கூட்டினால் 11 முதல் 13. இடையில் ஞாயிறு வருவதால் ஒன்றைச் சேர்த்து 12 முதல் 14 என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவோம். சரியான விடை 15 முதல் 17. இரண்டுக்கும் ஒரு நாள்கூடப் பொதுவாக இல்லை.

முதல் படி: ஆர்டர் எந்த நாளின் கணக்கில் சேர்கிறது?

கட்-ஆஃப் நேரம் என்பது அன்றைய வேலைப் பட்டியல் மூடப்படும் நேரம். அதற்குள் வந்த ஆர்டர் அன்றைய கணக்கு. அதற்குப் பின் வந்தது அடுத்த வேலை நாளின் கணக்கு. நம் ஆர்டர் 3:40 மணிக்கு வந்ததால் அது வெள்ளிக்கிழமை, அதாவது 9ஆம் தேதி, காலையில் வந்ததைப் போலவே நடத்தப்படும். இதை ஏற்பு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா எண்ணிக்கையும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் படி எளிதாகத் தெரிந்தாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஓர் ஆர்டர் வந்தால் ஏற்பு நாள் எது? கடை சனிக்கிழமை இயங்காததால் அது திங்கட்கிழமைக்குத் தள்ளப்படுகிறது. 4 மணி என்பது 2 மணியைத் தாண்டியதால் இன்னொரு நாள் தள்ளிச் செவ்வாய் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கட்-ஆஃப் நேரம் வேலை நாளில் மட்டுமே பொருள்படும். கடை மூடியிருக்கும் நாளில் மூடுவதற்கு ஒரு பட்டியலே இல்லை. சனிக்கிழமை காலை வந்தாலும் சரி, ஞாயிறு நள்ளிரவுக்குச் சற்று முன் வந்தாலும் சரி, அந்த ஆர்டர் திங்கள் காலை மேசையில் காத்திருக்கும். எனவே வரிசை முக்கியம்: முதலில் கட்-ஆஃப் தாண்டியதா என்று பார்த்துத் தேவைப்பட்டால் ஒரு காலண்டர் நாளைக் கூட்டுங்கள்; பிறகுதான், வந்து நிற்கும் நாள் விடுமுறையாக இருந்தால், அடுத்த வேலை நாளுக்கு நகர்த்துங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் வார இறுதியில் 2 மணிக்குப் பின் வரும் ஆர்டர்கள் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். சனி, ஞாயிறு மாலைகளில் வரும் ஆர்டர்களுக்குச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே பார்சல் சேர்ந்துகொண்டிருந்தால், உங்கள் கணக்கில் இந்த வரிசைதான் மாறியிருக்கிறது என்று அறியலாம்.

நேரத்தைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். கட்-ஆஃப் எப்போதும் கடையின் ஊர்க் கடிகாரத்தைப் பொறுத்தது. வாங்குபவர் கடையைவிட 5 மணி நேரம் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருந்தால், அவருடைய காலை 9:30 கடையில் பிற்பகல் 2:30. அவர் காலையிலேயே ஆர்டர் போட்டதாக நினைத்தாலும் அது மறுநாள் கணக்கில்தான் சேரும். அடுத்தது, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்திய நேரத்தை எடுக்காமல், பணம் செலுத்தியது உறுதியான நேரத்தை எடுங்கள். உடனடியாக உறுதியாகும் முறைகளில் இரண்டும் ஒன்றுதான். வங்கிப் பரிமாற்றம் போன்றவற்றில் இடைவெளி பெரிதாகிவிடும்.

இரண்டாம் படி: ஆயத்த நாட்கள், பிறகு வண்டி

ஏற்பு நாளைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ண வேண்டும் என்பது நான் பின்பற்றும் வழக்கம். வெள்ளி 9 பூஜ்ஜியம். சனியும் ஞாயிறும் கடைக்கு வேலை நாட்கள் இல்லை. திங்கள் 12 முதல் ஆயத்த நாள். செவ்வாய் 13 இரண்டாவது. ஆகவே பார்சல் 12 அல்லது 13ஆம் தேதி தயாராகும். சில கடைகள் ஏற்பு நாளையே முதல் நாளாக எண்ணுகின்றன. அவர்கள் சொல்லும் ‘1 வேலை நாள்’ என்பது அன்றே அனுப்புவதைக் குறிக்கும். சொல் ஒன்றாக இருந்தாலும் எண்ணிக்கை ஒரு நாள் மாறுவதால், வேறொரு கடையின் பொருளுக்குத் தேதி சொல்ல வேண்டியிருந்தால் அவர்களுடைய பழைய ஆர்டர் ஒன்றை எடுத்து, எந்த நாளை எப்படி எண்ணினார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தயாரான பார்சல் உடனே பயணத்தைத் தொடங்கிவிடுவதில்லை. இங்கே இரண்டாவது கட்-ஆஃப் ஒன்று இருக்கிறது. அதுதான் வண்டி வரும் நேரம். மாலை 4:50க்கு டேப் ஒட்டி முடித்த பெட்டி அன்றைய வண்டியில் ஏறும். 5:10க்கு முடித்த பெட்டி, லேபிள் ஒட்டப்பட்டு, எடை எழுதப்பட்டு, எல்லா வகையிலும் தயாராக, மறுநாள் மாலை வரை மேசையிலேயே கிடக்கும். கடையின் கணினியில் இரண்டுக்கும் ‘அனுப்பப்பட்டது’ என்றே காட்டலாம். ஏனெனில் பல மென்பொருள்கள் லேபிள் அச்சிடப்பட்ட நொடியிலேயே அந்த நிலையைக் குறித்துவிடுகின்றன. கூரியரின் எண்ணிக்கையோ அவர்கள் பார்சலைக் கையில் வாங்கி முதல் ஸ்கேன் செய்த நாளிலிருந்துதான் ஓடும். டிராக்கிங் பக்கத்தில் ‘தகவல் பெறப்பட்டது’ என்பது போன்ற வரி மட்டும் இருந்து, பார்சல் பெறப்பட்டதற்கான வரி இல்லையென்றால், அது இன்னும் கடையில்தான் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

வண்டியை வரவழைக்காமல் கூரியர் கவுண்டரில் நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பவராக இருந்தால், கவுண்டர் மூடும் நேரத்தைப் பார்க்காதீர்கள். அங்கிருந்து கடைசி வண்டி கிளம்பும் நேரத்தைக் கேளுங்கள். கவுண்டர் இரவு 8 மணி வரை திறந்திருந்து, கடைசி வண்டி மாலை 6 மணிக்கே போய்விடுவது சாதாரணமாக நடப்பதுதான். 6 மணிக்குப் பின் கொடுத்த பார்சலுக்கு ரசீதில் இன்றைய தேதியே இருக்கும், ஆனால் பயணம் நாளைதான் தொடங்கும்.

நம் எடுத்துக்காட்டில் திங்களும் செவ்வாயும் வண்டி வரும் நாட்கள். பார்சலும் 5 மணிக்கு முன் தயாராகிவிடுகிறது என்று கொள்வோம். எனவே கூரியரிடம் ஒப்படைக்கும் நாள், விரைவாக நடந்தால் 12, தாமதமானால் 13.

மூன்றாம் படி: பயண நாட்களும் விடுமுறையும்

இந்தப் படியில்தான் நிதானம் தேவை. ஒப்படைத்த நாள் மறுபடியும் பூஜ்ஜியம். விரைவான கணக்கில் 12ஆம் தேதி ஒப்படைத்து 2 பயண நாட்கள். தாமதமான கணக்கில் 13ஆம் தேதி ஒப்படைத்து 3 பயண நாட்கள். நடுவில் 14ஆம் தேதி, சேரும் ஊரில் விடுமுறை. இந்த விடுமுறையை இரண்டு விதமாகக் கையாளலாம். இரண்டும் எப்போதும் ஒரே விடையைத் தராது.

முதல் விதம், விடுமுறையை எண்ணாமல் தாண்டிப்போவது. 13ஆம் தேதி பூஜ்ஜியம். 14 கணக்கில் இல்லை. 15 ஒன்று, 16 இரண்டு, 17 மூன்று. பார்சல் 17, சனிக்கிழமை சேரும். இரண்டாவது விதம், பயணத்தை நிறுத்தாமல் எண்ணிவிட்டு, கடைசியில் வந்து நிற்கும் நாள் டெலிவரி இல்லாத நாளாக இருந்தால் மட்டும் அடுத்த நாளுக்கு நகர்த்துவது. 14 ஒன்று, 15 இரண்டு, 16 மூன்று, 16 வெள்ளிக்கிழமை, டெலிவரி உண்டு, ஆகவே 16. ஒரே பார்சல், ஒரே விடுமுறை, ஒரு நாள் வேறுபாடு.

எது சரி என்பது விடுமுறை பார்சலின் பாதையில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. விடுமுறை சேரும் ஊரில் மட்டும் என்றால், நெடுஞ்சாலையில் ஓடும் லாரி அன்றைக்கும் ஓடும். பாதையிலுள்ள தரம்பிரிப்பு மையங்கள் அன்றைக்கும் இயங்கும். 14ஆம் தேதி பார்சல் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது என்றால் அந்த விடுமுறை அதைத் தொடவே இல்லை. இரண்டாவது விதம் பொருந்தும். கூரியர் நிறுவனமே முழுவதும் மூடும் விடுமுறை என்றால் லாரியும் நிற்கும். முதல் விதம் பொருந்தும். நடைமுறையில் பல கூரியர்கள் தங்கள் அறிவிப்பில் ‘வேலை நாள்’ என்று மட்டும் சொல்லி, யாருடைய வேலை நாள் என்று சொல்வதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வாடிக்கையாளரிடம் சொல்லும் கடைசித் தேதிக்கு முதல் விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிந்திய தேதியைத் தருவதால் சொன்ன சொல் தவறாது.

விரைவான கணக்கை இரண்டு விதத்திலும் போட்டுப் பாருங்கள். தாண்டிப்போனால் 13 ஒன்று, 15 இரண்டு. எண்ணிவிட்டு நகர்த்தினால் 13 ஒன்று, 14 இரண்டு, 14 விடுமுறை என்பதால் 15. இரண்டிலும் 15, வியாழன். ஆகவே வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது அக்டோபர் 15 முதல் 17 வரை. ஒரே தேதி மட்டும் சொல்ல வேண்டும் என்றால் 17 என்று சொல்லுங்கள். நடுவில் 16 என்று சராசரி எடுக்காதீர்கள். அது நடுத்தரமாகத் தோன்றினாலும், தாமதமாகும் ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு புகாரை வரவழைக்கும்.

கடை இருக்கும் ஊரின் விடுமுறையையும் இங்கே பார்த்துவிடலாம். பார்சல் கைமாறிய பிறகு கடைக்கு வரும் விடுமுறை எந்தத் தேதியையும் மாற்றாது. புதியவர்கள் எல்லா விடுமுறைகளையும் ஒரே பட்டியலில் எழுதிவைத்து எல்லாக் கட்டத்துக்கும் அதையே பயன்படுத்துவதால், தொடர்பில்லாத விடுமுறைக்கும் ஒரு நாள் கூடிவிடுகிறது. மூன்று பட்டியல்கள் தனித்தனியாக இருக்கட்டும்.

மேலே உள்ள ஐந்து நாட்களை ஒரே நாட்காட்டியில் எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்த்துவிடுவோம். ஏற்பு நாளான 9இலிருந்து கடையின் திங்கள்–வெள்ளி நாட்காட்டியில் ஐந்து எண்ணி, 14ஐத் தாண்டினால், 12, 13, 15, 16, 19 என்று அடுத்த திங்கட்கிழமையில் போய் நிற்கும். கூரியரின் திங்கள்–சனி நாட்காட்டியில் எண்ணினால் 10, 12, 13, 15, 16 என்று வெள்ளியில் நிற்கும். ஒன்று இரண்டு நாள் அதிகம், மற்றது ஒரு நாள் குறைவு. 17 இரண்டிலும் கிடைக்காது.

விரிதாளில் எழுதும் முறை

தினமும் பத்துப் பன்னிரண்டு ஆர்டர்கள் வந்தால் விரலால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் `WORKDAY.INTL` என்ற சார்பு இருக்கிறது. அதற்குத் தொடக்கத் தேதி, எத்தனை நாட்கள், வாரத்தில் எந்தெந்த நாட்கள் வேலை இல்லை, விடுமுறைப் பட்டியல் ஆகிய நான்கையும் தர வேண்டும். வார நாட்களை ஏழு எழுத்துகளாகத் தரலாம். முதல் எழுத்து திங்கள், கடைசி ஞாயிறு. வேலை இல்லாத நாளுக்கு 1, வேலை நாளுக்கு 0. ஆகவே கடைக்கு `"0000011"`, கூரியருக்கு `"0000001"`. வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக உள்ள நாட்டுக்கு அனுப்பினால் அங்கே `"0000110"`.

`A2` இல் ஆர்டர் வந்த தேதியும் நேரமும் இருக்கட்டும். கடையின் விடுமுறைகள் `H`, கூரியருடையவை `I`, சேரும் ஊருடையவை `J` பத்தியில் இருக்கட்டும். `B2` இல் ஏற்பு நாள், `C2` இல் தயாராகும் நாள், `D2` இல் ஒப்படைக்கும் நாள், `E2` இல் கடைசி டெலிவரி நாள்:

```
B2: =WORKDAY.INTL(INT(A2)+IF(ROUND(MOD(A2,1)-TIME(14,0,0),6)>=0,1,0)-1, 1, "0000011", $H$2:$H$30)
C2: =WORKDAY.INTL(B2, 2, "0000011", $H$2:$H$30)
D2: =WORKDAY.INTL(C2-1, 1, "0000001", $I$2:$I$30)
E2: =WORKDAY.INTL(D2, 3, "0000001", $J$2:$J$30)
```

`B2` இலும் `D2` இலும் ஒரு நாளைக் கழித்துவிட்டு ஒரு வேலை நாளைக் கூட்டுவது விசித்திரமாகத் தெரியலாம். காரணம் இருக்கிறது. இந்தச் சார்புக்குப் பூஜ்ஜியம் நாட்கள் என்று கொடுத்தால், தொடக்கத் தேதி ஞாயிறாக இருந்தாலும் அதை அப்படியே திருப்பித் தந்துவிடும். அது வேலை நாளா என்று சோதிக்காது. முந்தைய நாளிலிருந்து ஒரு வேலை நாள் முன்னே போகச் சொன்னால், அந்த நாள் வேலை நாளாக இருந்தால் அதிலேயே நிற்கும், இல்லையென்றால் அடுத்த வேலை நாளுக்குப் போகும். நமக்கு வேண்டியது அதுதான்.

`E2` இல் இருப்பது விடுமுறையைத் தாண்டிப்போகும் விதம். கூரியரின் விடுமுறைகள் `J` பத்தியிலும் இடம்பெற வேண்டும். எண்ணிவிட்டு நகர்த்தும் விதம் வேண்டுமென்றால் இப்படி எழுதுங்கள்:

```
=WORKDAY.INTL(WORKDAY.INTL(D2, 3, "0000001", $I$2:$I$30)-1, 1, "0000001", $J$2:$J$30)
```

எழுதி முடித்ததும் நம் எடுத்துக்காட்டைக் கொடுத்து 9, 13, 13, 17 என்று வருகிறதா, இரண்டாவது விதத்தில் 16 வருகிறதா என்று பாருங்கள். பிறகு வெள்ளி 1:59, வெள்ளி 2:00, சனி மாலை 4:00 என்று மூன்று நேரங்களைக் கொடுத்துப் பாருங்கள். ஏற்பு நாள் முறையே வெள்ளி, திங்கள், திங்கள் என்று வர வேண்டும். மேலே உள்ள வாய்ப்பாடு சரியாக 2:00 மணியைத் தாமதமாகவே எடுத்துக்கொள்கிறது. உங்கள் கடையில் அப்படி இல்லையென்றால் `>=` என்பதை `>` என்று மாற்றுங்கள். விடை முற்றிலும் பொருந்தாமல் வேறு மாதத்தில் போய் நின்றால், கடை மென்பொருளிலிருந்து இறக்கிய 08/10/2026 என்ற தேதியை விரிதாள் ஆகஸ்ட் 10 என்று படித்திருக்கிறது என்று பொருள்.

குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் டெலிவரி நடக்கும் ஊர்கள்

தொலைவான சில ஊர்களுக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே டெலிவரி வண்டி போகும். அந்த ஊருக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்றால் வார எழுத்துகள் `"1011011"` ஆகும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: அந்த எழுத்துகளைப் பயண நாட்களுக்கும் போட்டுவிட்டால், மூன்று பயண நாட்கள் என்பது மூன்று டெலிவரி நாட்களாகி, ஒன்றரை வாரத்துக்கு நீண்டுவிடும். பயணத்தைக் கூரியர் நாட்காட்டியிலேயே எண்ணி, பார்சல் அருகிலுள்ள மையத்துக்கு வந்து சேரும் நாளைக் கண்டுபிடித்து, அந்த நாளை மட்டும் டெலிவரிக் கிழமைக்கு நகர்த்த வேண்டும். நம் பார்சல் மையத்துக்கு 15 வியாழன் வந்தால் 16 வெள்ளி கைக்குக் கிடைக்கும். 17 சனி வந்தால் 20 செவ்வாய்தான். கூரியருக்கு இரண்டு நாள் வேறுபாடு, வாடிக்கையாளருக்கு நான்கு நாள் வேறுபாடாகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஊர்களுக்குத் தேதி வரம்பை அகலமாகச் சொல்வதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை.

தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல்

‘17ஆம் தேதிக்குள் எனக்கு வேண்டும், எப்போதைக்குள் ஆர்டர் போட வேண்டும்?’ என்று கேட்பவர்களும் உண்டு. `WORKDAY.INTL` க்கு எதிர்ம எண்ணைக் கொடுத்துப் பின்னோக்கி எண்ணலாம். 17இலிருந்து மூன்று பயண நாட்கள் பின்னே போனால், 16, 15, விடுமுறையைத் தாண்டி 13. அங்கிருந்து இரண்டு ஆயத்த நாட்கள் பின்னே போனால் 12, வார இறுதியைத் தாண்டி 9. ஆக, வெள்ளி 9ஆம் தேதி பிற்பகல் 2 மணிக்குள் ஆர்டர் போட்டால் போதும் என்று விடை வரும்.

அந்த விடை பாதுகாப்பானது, ஆனால் முழு உண்மை அல்ல. வெள்ளி 2 மணிக்குப் பின் வந்த ஓர் ஆர்டரை முன்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏற்பு நாள் திங்கள் 12. தயாராவது புதன் 14. அன்று விடுமுறை சேரும் ஊரில்தான், கடைக்கும் வண்டிக்கும் வேலை நாளே. ஆகவே 14ஆம் தேதியே ஒப்படைக்கப்படுகிறது. பயணம் 15, 16, 17. அதுவும் 17ஆம் தேதியே சேர்கிறது! உண்மையான கடைசி நேரம் திங்கள் 12ஆம் தேதி பிற்பகல் 2 மணி. அதைத் தாண்டினால்தான் பார்சல் 19ஆம் தேதிக்குப் போகும். 13ஆம் தேதி ஒப்படைத்தாலும் 14ஆம் தேதி ஒப்படைத்தாலும் சேரும் நாள் ஒன்றே என்பதால், முன்னோக்கிய கணக்கில் இரண்டு நாட்கள் ஒரே விடையில் வந்து முடிகின்றன. பின்னோக்கி எண்ணும்போது அவற்றில் முந்தையது மட்டும் கிடைக்கிறது. இதனால் பின்னோக்கிய விடையைத் தொடக்கமாக வைத்து, அடுத்தடுத்த கட்-ஆஃப்களை முன்னோக்கி ஒவ்வொன்றாகச் சோதித்து, தேதி எங்கே தாவுகிறது என்று பார்த்துத்தான் கடைசி நேரத்தை அறிவிக்க வேண்டும். விழாக்காலத்தில் இந்த ஒரு சோதனை கடைக்கு மூன்று நாள் கூடுதல் விற்பனை நேரத்தைத் தரக்கூடும்.

கணக்கு எங்கே தவறுகிறது என்று கண்டுபிடித்தல்

நாடு விட்டு நாடு செல்லும் பார்சல்களுக்குச் சுங்கச் சோதனையின் நாட்களை இந்த முறையில் அடக்க முடியாது; வாங்குபவர் வீட்டில் இல்லாமல் திரும்பிப் போன டெலிவரி முயற்சியும் அப்படித்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்ற பார்சல்களுக்கு மட்டும் ஒரு சிறு பதிவேடு வைத்திருங்கள். ஒவ்வொரு பார்சலுக்கும் நான்கு தேதிகள் போதும்: நீங்கள் கணித்த ஒப்படைப்பு நாள், முதல் ஸ்கேன் நடந்த நாள், நீங்கள் கணித்த டெலிவரி நாள், கைக்குக் கிடைத்த நாள்.

முப்பது நாற்பது பார்சல்கள் சேர்ந்ததும் எந்தக் கட்டம் பிசகுகிறது என்று தெரிந்துவிடும். முதல் ஸ்கேன் சரியாக நடந்தும் டெலிவரி மட்டும் தவறினால் பயண நாட்களையோ விடுமுறைப் பட்டியலையோ திருத்த வேண்டும். விடுமுறையைத் தாண்டிய பார்சல்கள் தொடர்ந்து ஒரு நாள் முன்னதாகவே சேர்ந்தால், உங்கள் கூரியருக்கு எண்ணிவிட்டு நகர்த்தும் விதமே பொருந்துகிறது. முதல் ஸ்கேனே தவறினால் பிழை கடைக்குள் இருக்கிறது. அப்போது தவறிய ஆர்டர்களின் வருகை நேரத்தைப் பாருங்கள். நான் இருந்த கடையில் அப்படிப் பார்த்தபோது, தவறியவை ஏறக்குறைய எல்லாமே பிற்பகல் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வந்தவையாக இருந்தன. கட்-ஆஃப் 2 மணி என்று அறிவித்திருந்தோம். கட்டுபவர் ஒருவரே இருந்ததால், 1 மணிக்குப் பின் வந்தவற்றை அவரால் வண்டி வருவதற்குள் முடிக்க முடியவில்லை. `TIME(14,0,0)` என்பதை `TIME(13,0,0)` என்று மாற்றி, கடையின் பக்கத்திலும் 1 மணி என்று எழுதினோம்; அடுத்த வாரத்திலிருந்து முதல் ஸ்கேன் தேதிகள் கணக்கோடு பொருந்தத் தொடங்கின.